சார்ஜ் செய்தது ஒன்றை, விழுந்தது இன்னொன்று

காற்றாலை மின்சாரத்தைச் சேர்த்து கிரிட்டுக்கு அனுப்பும் ஒரு 110/33 கே.வி. துணை மின்நிலையத்தில் மூன்று வருடம் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தேன். கிரிட் நிலையத்திலிருந்து எங்களுக்கு வருவது 40 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஒரு 110 கே.வி. லைன். எங்கள் யார்டில் 25 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இரண்டு, இரண்டும் ஒரே 110 கே.வி. பஸ்ஸில். இந்த நீள லைன்தான் பிறகு கதையில் வில்லனாக வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் சீசன் தொடங்குவதற்கு முன்பு இரண்டாவது டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரில் காண்டாக்ட் மாற்ற வேண்டியிருந்தது. வேலை முடிந்து, எல்லா டேப்பிலும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுத்து, மெகர் வைத்து இன்சுலேஷன் பார்த்து, வேலைக்கு வாங்கிய லைன் கிளியர் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாயங்காலம் சார்ஜ் செய்தோம், அதாவது மறுபடி மின்சாரம் கொடுத்தோம். முதல் டிரான்ஸ்பார்மர் அப்போது சுமார் 12 மெகாவாட் சுமந்து கொண்டிருந்தது. இரண்டாவதின் 110 கே.வி. பிரேக்கரைப் போட்டோம், வழக்கமான உறுமல் கேட்டது, சரி என்று மூச்சு விடுவதற்குள் கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்தது. புதிதாகச் சார்ஜ் செய்தது நிற்கிறது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த முதல் டிரான்ஸ்பார்மர் ட்ரிப் ஆகி விழுந்துவிட்டது! 33 கே.வி. பஸ் முழுக்கப் போய், அத்தனை காற்றாடியும் நின்றுவிட்டது.

எந்தப் பாதுகாப்பு ரிலே எடுத்தது என்று காட்ட பேனலில் விழுந்திருந்த கொடி 110 கே.வி. பக்கத்து எர்த் ஃபால்ட், அதாவது கரண்ட் தரைக்குப் போகிறது என்று பொருள். உள்ளே போகும் கரண்ட்டையும் வெளியே வரும் கரண்ட்டையும் ஒப்பிடும் டிஃபரன்ஷியல் ரிலே விழவில்லை, எண்ணெயில் உண்டாகும் கேஸைப் பிடிக்கும் புக்கோல்ஸில் கேஸ் இல்லை. ஆனாலும் எர்த் ஃபால்ட் என்று எழுதியிருக்கும்போது மறுபடி போட யாருக்குத் தைரியம் வரும்? மெகர் எடுத்தோம், எண்ணெய் சாம்பிள் அனுப்பினோம், இரண்டு நாள் அந்த டிரான்ஸ்பார்மரைச் சும்மா நிறுத்தி வைத்தோம். எதிலும் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் தனியாகச் சார்ஜ் செய்தோம், நின்றது. பிறகு சந்தேகம் தீர இரண்டாவதை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தோம், அப்போதும் எதுவும் விழவில்லை. லாக் புக்கில் 'காரணம் தெரியவில்லை, ரிலே தவறான இயக்கமாக இருக்கலாம்' என்று எழுதி மூடிவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஆபரேட்டர் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அன்றைக்கு யார்டில் நின்றிருந்தார். அவர் மட்டும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "சார், புதுசு கத்தினது சரி. ஆனா அப்புறமா பழைய மிஷினும் கத்த ஆரம்பிச்சுது. உடனே இல்ல, கொஞ்சம் கழிச்சு, போகப் போகச் சத்தம் ஏறிச்சு." நான், "ஒன்னு உறுமும்போது பக்கத்துல நிக்கிறதும் அதிரும் அண்ணே" என்று சொல்லி விட்டுவிட்டேன். அவர் காது சொன்னதுதான் சரியான பதில் என்று எனக்குத் தெரிய ஒன்றரை மாதம் ஆனது.

அதே டேப் சேஞ்சரில் மறுபடி கோளாறு, மறுபடி ஷட்டவுன், மறுபடி வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், மறுபடி சார்ஜ். மறுபடி முதல் டிரான்ஸ்பார்மர் விழுந்தது, அதே எர்த் ஃபால்ட் கொடி. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. போன தடவை ரிலேயின் பதிவு ட்ரிப் ஆன கணத்துக்கு முன்பு 0.2 விநாடி மட்டுமே காட்டியது, அதில் குழப்பமான கரண்ட்டைத் தவிர எதுவும் புரியவில்லை. அதன் பிறகு நான் இரண்டாவது டிரான்ஸ்பார்மரின் புதிய நியூமரிக்கல் ரிலேயில் முதல் டிரான்ஸ்பார்மரின் கரண்ட்டையும் சேர்த்துப் பதிவாகும்படி ஒயர் இழுத்து, பதிவின் நீளத்தை 3 விநாடியாக்கி, பிரேக்கர் மூடும்போதே பதிவு தொடங்கும்படி வைத்திருந்தேன். அன்றைக்கு ராத்திரி லேப்டாப்பில் திறந்து பார்த்தபோது தூக்கம் போய்விட்டது.

பிரேக்கர் மூடியதும் இரண்டாவதில், மூன்று ஃபேஸில் ஒன்றான ஆர் ஃபேஸில் கரண்ட் கிட்டத்தட்ட 500 ஆம்பியர் உச்சத்துக்குப் பாய்கிறது, எல்லாத் துடிப்பும் மேல் பக்கமாக. சார்ஜ் செய்யும் கணத்தில் கோர் காந்தத்தால் நிரம்பிப்போய் இழுக்கும் சாதாரண இன்ரஷ் இது, எங்கள் துறையில் யாருக்கும் தெரிந்தது. முதல் டிரான்ஸ்பார்மரில் அந்த நேரத்தில் லோடு கரண்ட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. நாலைந்து சைக்கிள் அப்படியே போகிறது. பிறகு அதன் ஆர் ஃபேஸில் கீழ்ப்பக்கமாகச் சின்னச் சின்ன துடிப்புகள் முளைக்கின்றன, ஒவ்வொரு சைக்கிளுக்கும் கொஞ்சம் வளர்கின்றன, 15 சைக்கிள் வாக்கில் 250 ஆம்பியரைத் தாண்டிவிடுகின்றன. அதே சமயம் புதியதின் துடிப்பு இறங்கிக்கொண்டே வருகிறது. ஒன்று மேலே துடித்த அரை சைக்கிளில் மற்றது சும்மா இருக்கிறது, அடுத்த அரை சைக்கிளில் இது கீழே துடிக்கிறது. இதற்குத்தான் சிம்பதட்டிக் இன்ரஷ் என்று பெயர். துக்க வீட்டில் ஒருத்தி மூச்சு வாங்கும் இடைவெளியில் இன்னொருத்தி ஒப்பாரியை எடுத்துக்கொள்வாளே, அச்சு அசல் அப்படி.

ஏன் இப்படி? இன்ரஷ் கரண்ட் ஒரு பக்கமாகவே துடிப்பதால் அதன் சராசரி பூஜ்யம் இல்லை. எங்கள் பதிவில் அது தொடக்கத்தில் சுமார் 100 ஆம்பியர் டி.சி. இந்த டி.சி. கரண்ட் 40 கிலோமீட்டர் லைனின் ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான் வர வேண்டும். டி.சி.க்கு ரியாக்டன்ஸ் தடையில்லை, வெறும் ரெசிஸ்டன்ஸ்தான் கணக்கு. எங்கள் லைனில் இருந்த பாந்தர் ரகக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 0.14 ஓம், மொத்தம் 5.6 ஓம். அப்படியானால் எங்கள் பஸ் வோல்டேஜில் சுமார் 560 வோல்ட் அளவு ஒரு பக்கச் சாய்வு விழுகிறது. 63,500 வோல்ட் ஃபேஸ் வோல்டேஜில் 560 எம்மாத்திரம் என்று தோன்றும், எந்த மீட்டரிலும் தெரியாது. ஆனால் இரும்புக் கோரில் இருக்கும் காந்த ஃப்ளக்ஸ் என்பது வோல்டேஜைக் காலத்தோடு கூட்டிக்கொண்டே போன தொகை. ஒவ்வொரு 20 மில்லி விநாடிக்கும் 560 வோல்ட் என்றால் சுமார் 11 வோல்ட்-செகண்ட் ஒரே பக்கமாக ஏறுகிறது. அந்த ஃபேஸுக்கு வழக்கமான உச்ச ஃப்ளக்ஸ் 286 வோல்ட்-செகண்ட்தான் வருகிறது. சைக்கிளுக்கு 4 சதவீதம்! ஐந்து சைக்கிளில் 20 சதவீதம் நகர்ந்துவிட்டால் கோர் முழங்கைத் திருப்பத்தைத் தாண்டி, அதற்கு மேல் காந்தம் ஏறாத சாச்சுரேஷனுக்குள் போய்விடும். பழையது உடனே கத்தாமல் கொஞ்சம் கழித்துக் கத்தியதற்கும், எதிர்ப்பக்கமாகக் கத்தியதற்கும் இந்தக் கணக்குத்தான் காரணம். இதை நான் அண்ணனிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அவர், "அதான் சார், நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார், வேறு என்ன சொல்வார்.

இன்ரஷ் ஏன் சீக்கிரம் அடங்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. தனியாக ஒன்றைச் சார்ஜ் செய்தால் அதன் டி.சி. லைன் ரெசிஸ்டன்ஸில் விழும் சாய்வு அதன் கோரையே திருப்பி இழுத்துவிடும், அதனால் அரை விநாடிக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். இரண்டும் எதிரெதிராகத் துடிக்க ஆரம்பித்தால், லைனில் போகும் மொத்தக் கரண்ட்டில் மேல் துடிப்பும் கீழ் துடிப்பும் சமமாகி டி.சி. கிட்டத்தட்ட காணாமல் போகிறது. அந்த டி.சி. இரண்டு டிரான்ஸ்பார்மர்களுக்கு நடுவில் மட்டும் சுற்றுகிறது, அதைக் குறைக்க வைண்டிங்கின் சின்ன ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் மிச்சம். அதனால் பல விநாடிகள் நீள்கிறது. இன்னொரு விஷயம்: இரண்டு டிரான்ஸ்பார்மருக்கும் சேர்த்து ஒரே டிஃபரன்ஷியல் ரிலே வைத்திருந்தால், அதற்குப் போகும் மொத்தக் கரண்ட் சமச்சீராகிவிடுவதால் இன்ரஷுக்கு அடையாளமான இரண்டாம் ஹார்மோனிக் குறைந்து, இன்ரஷில் விழாமல் காக்கும் தடுப்பு வேலை செய்யாமல் விழுந்துவிட வாய்ப்புண்டு. எங்களுக்குத் தனித்தனி ரிலே என்பதால் அந்தத் தலைவலி வரவில்லை.

எங்களை விழவைத்தது எர்த் ஃபால்ட் ரிலே. மூன்று ஃபேஸின் துடிப்பும் ஒரே அளவில் இருக்காது, மிச்சம் நியூட்ரல் வழியாகப் போகும். கரண்ட்டை அளக்கும் சி.டி. 200/1, ரிலே கவனிக்கத் தொடங்கும் அமைப்பு 20 சதவீதம், அதாவது 40 ஆம்பியர், தாமதத்தை நிர்ணயிக்கும் டைம் மல்டிபிளையர் 0.1. நியூட்ரலில் 80 ஆம்பியர் தொடர்ந்து ஓடினால், கரண்ட் கூடக் கூட நேரம் குறையும் ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் வளைவில் 1 விநாடியில் விழ வேண்டும். துடிப்பு வளர எடுத்த நேரத்தையும் சேர்த்து, எங்களுக்கு விழுந்தது 1.3 விநாடியில். சரி, இரண்டாவதின் எர்த் ஃபால்ட் ஏன் விழவில்லை? அதன் ரிலே புதியது, இரண்டாம் ஹார்மோனிக் இருந்தால் எர்த் ஃபால்ட்டையும் தடுக்கும் வசதி அதில் போட்டிருந்தது. பழையதில் அந்த வசதியே கிடையாது. கூச்சல் போட்டவனுக்குப் பாதுகாப்பு, ஒப்புக்கு அழுதவனுக்கு அடி.

அப்புறம் அந்தப் புதிர், நடுவில் ஒரு தடவை மட்டும் ஏன் விழவில்லை? டெஸ்ட் ரிப்போர்ட்களைப் புரட்டியபோது தெரிந்தது: விழுந்த இரண்டு தடவையும் சார்ஜுக்கு முன்பு வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுத்திருந்தோம், விழாத தடவை எடுக்கவில்லை. அந்தச் சோதனையில் 10 ஆம்பியர் டி.சி.யை வைண்டிங்குக்குள் விடுகிறோம், அது கோரில் ஒரு பக்கமாக ஃப்ளக்ஸை விட்டுவிட்டுப் போகிறது. அந்த மிச்சத்தோடு பிரேக்கர் தவறான கணத்தில் மூடினால் இன்ரஷ் வெகுவாகப் பெரிதாகும், இன்ரஷ் பெரிதானால் டி.சி. பெரிது, பக்கத்தில் இருப்பது இன்னும் வேகமாகச் சாயும். அந்த மிச்சக் காந்தத்தை நீக்க டெஸ்ட் கிட்டில் டீமேக்னடைஸ் என்று ஒரு பட்டன் இருந்தது. பத்து நிமிஷம் கூடுதலாகும் என்று யாரும் அழுத்துவதில்லை, நானும் ஒரு நாளும் கேட்டதில்லை.

இதே கம்பெனியின் இன்னொரு நிலையம் கிரிட்டுக்கு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. அங்கே இப்படி ஒன்று கேள்விப்பட்டதே இல்லை என்று அங்கிருந்தவர்கள் எங்களைக் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். லைன் ரெசிஸ்டன்ஸ் அரை ஓமுக்கும் கீழே இருந்தால் சாய்வு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பழையது சாய்வதற்குள் புதியது அடங்கிவிடும். அவர்கள் திறமை ஒன்றும் இல்லை, லைனின் நீளம்தான்.

பழைய ரிலேயை மாற்ற மூன்று மாதம் ஆனது. அதுவரை இரண்டாவதைச் சார்ஜ் செய்யும் நேரத்தில் மட்டும் முதலாவதின் டைம் மல்டிபிளையரை 0.3 ஆக ஏற்றி, முடிந்ததும் இறக்கினோம். எனக்கு அது பிடிக்கவே இல்லை, ஒரு நாள் இறக்க மறந்தால் நிஜமான ஃபால்ட்டில் கிரிட் பக்கத்து ரிலே முந்திக்கொண்டு லைனையே எடுத்துவிடும். சிவப்பு அட்டையில் எழுதி பேனல் கைப்பிடியில் தொங்கவிட்டிருந்தோம்.

அடுத்த ஷட்டவுனில் ரெசிஸ்டன்ஸ் எடுத்த பிறகு டீமேக்னடைஸ் பட்டனை நானே அழுத்தினேன். சார்ஜ் செய்யும்போது அண்ணன் முதல் டிரான்ஸ்பார்மர் வேலிக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் விழவில்லை. வாக்கி டாக்கியில், "லேசா முனகுச்சு சார், அவ்வளவுதான்" என்றார். பதிவைத் திறந்து பார்த்தேன், ஏழாவது சைக்கிளில் தொடங்கி அதிகபட்சம் 60 ஆம்பியர், கீழ்ப்பக்கமாக.