மழை நாளில் லாரியில் சரக்கு ஏற்றுவது

சிங்கப்பூரில், பாண்டான் லூப்பில் ஒரு மளிகைப் பொருள் கிடங்கில், எந்த லாரி எந்தக் கடைக்கு எப்போது போக வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. அரிசி, கோதுமை மாவு, பருப்பு, எண்ணெய் டின், ஊறுகாய் பாட்டில், இவைதான் சரக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில், மழை என்றால் சாலைப் பிரச்சினை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளம் வந்தால் வேறு வழியில் போகச் சொன்னால் போயிற்று. ஃபோனில் வரைபடம் இருக்கிறது, அப்புறம் என்ன?

ஒரு புதன்கிழமை 14 அடி லாரிக்கு மூன்று கடைகள் கொடுத்திருந்தேன். முதலில் பியூட்டி வேர்ல்டு, அடுத்து சிக்ஸ்த் அவென்யூ, கடைசியில் சிராங்கூன் ரோடு. கடைசியாக இறக்க வேண்டிய சரக்குதான் முதலில் ஏறும். அதனால் சிராங்கூன் ரோட்டுச் சரக்கு டிரைவர் முதுகுப் பக்கச் சுவரோடு ஒட்டி இருந்தது, அதற்கு முன்னால் சிக்ஸ்த் அவென்யூ, கதவோரம் பியூட்டி வேர்ல்டு.

பியூட்டி வேர்ல்டில் இறக்கி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. தேசிய நீர் அமைப்பான பியுபியின் டெலிகிராம் சேனலில், புக்கிட் தீமா பக்கம் கால்வாயின் நீர்மட்டம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில், அடுத்த கடைக்குப் போகிற வழியான டனர்ன் ரோட்டில், யார்வுட் அவென்யூ பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது. நான் உடனே டிரைவரைக் கூப்பிட்டேன். வயதில் மூத்தவர், எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்.

"அண்ணே, திரும்பி கிளமெண்டி ரோடு வழியா ஏஒய்இ விரைவுச்சாலையைப் பிடிச்சு நேரா சிராங்கூன் ரோடு போயிடுங்க. சிக்ஸ்த் அவென்யூவை வரும்போது பாத்துக்கலாம்."

"தம்பி, சிராங்கூன் சரக்கு சுவரோட ஒட்டிக் கெடக்கு. முன்னாடி இருக்குற மாவை எங்க எறக்கி வைக்கிறது, ரோட்டுலயா?"

நான் பிடிவாதமாக இருந்தேன். அவரும் போனார். சிராங்கூன் ரோட்டில் மழையோடு மழையாக மாவு மூட்டைகளை இறக்கி, கடைக்கு முன்னால் இருந்த ஐந்தடி நடைபாதையில் அடுக்கி, உள்ளே இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏற்றினார்கள். இதற்கு மட்டும் முக்கால் மணி நேரம். அதற்குள் டனர்ன் ரோட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது. பியூட்டி வேர்ல்டிலேயே ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

இரண்டு நாள் கழித்து சிக்ஸ்த் அவென்யூ கடையிலிருந்து ஃபோன். 18 மூட்டை மாவு, அடிப்பக்கம் கட்டி தட்டிப்போயிருந்தது. மூட்டைகள் வெள்ளத்தில் முழுகவில்லை, மேலே மழையும் படவில்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். சரியாகத்தான் சொன்னார். ஈரம் வந்தது தள்ளுவண்டிச் சக்கரத்திலிருந்து. நனைந்த சாலையில் ஓடிய சக்கரமும் நனைந்த காலணிகளும் லாரிக்குள் ஏறி இறங்கியதில் தகரத் தளத்தில் தண்ணீர் ஒரு படலமாக நின்றுவிட்டது. அதன்மேல் மூட்டையைப் படுக்க வைத்திருக்கிறார்கள். 10 கிலோ மாவு மூட்டையின் வாயை நூலால் தைத்திருப்பார்கள். அந்த ஊசித் துளைகள் போதும், மாவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே துடைத்துவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடி மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினால்தான் தெரியும். காய்ந்த மாவு குழிந்து கொடுக்கும், ஈரம் பட்டது களிமண் மாதிரி எதிர்த்து நிற்கும்.

அதற்குப் பிறகு எனக்குப் புரிந்தது, வழியை மாற்ற முடியுமா என்பது காலையில் சரக்கு ஏற்றும்போதே முடிவாகிவிடுகிறது என்று. பிற்பகல் மூன்று மணிக்கு நான் ஃபோனில் என்ன சொன்னாலும், லாரிக்குள் இருக்கும் வரிசை எனக்குக் கட்டுப்படாது.

இப்போது காலையில் முதல் வேலையாக வானிலை ஆய்வகத்தின் மழைப் படத்தைத் திறக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் படம் அது. அதில் நான் பார்ப்பது மழை வருமா என்பதை அல்ல, இங்கே அது எப்படியும் வரும். எந்த மாதிரி மழை என்பதைத்தான். மேற்கிலிருந்து ஒரு கோடு போல வந்தால் அது சுமத்ரா காற்றுமழை. துவாஸில் தொடங்கி கிழக்கே ஓடிவிடும், பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு நான் அட்டவணையைத் தொடுவதே இல்லை, லாரியை அரை மணியோ ஒரு மணியோ தாமதமாகக் கிளப்புகிறேன். வடகிழக்குப் பருவமழை பொங்கி வரும் நாட்கள் வேறு. நாள் கணக்கில் விட்டு விட்டுப் பெய்யும், வடிகால்கள் காலியாக நேரமே இருக்காது. கடலில் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் கிழக்குக் கரைப் பக்கத் தாழ்வான தெருக்களில் தண்ணீர் வடிய இடமில்லாமல் நிற்கும். அந்த மாதிரி நாளில் அந்தப் பக்கக் கடைகளைக் கடல் மட்டம் இறங்கும் நேரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

பருவமழை நாளில் லாரியை வேறு மாதிரி ஏற்றுகிறோம். ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, பக்கவாட்டில். இடது பக்கம் முழுக்க புக்கிட் தீமா சரக்கு, வலது பக்கம் முழுக்க சிராங்கூன் சரக்கு, நடுவே ஆள் நடக்க ஒரு சந்து. எந்தக் கடைக்கு முதலில் போனாலும் கையை நீட்டி எடுக்கலாம். இதற்குக் கொடுக்கும் விலை இடம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீணாகும், அதனால் அன்றைக்கு மூன்று கடைக்குப் பதில் இரண்டு. முதலாளி முகம் சுளித்தார். 18 மூட்டைக்கான கிரெடிட் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை.

தளத்தின்மேல் பழைய பிளாஸ்டிக் பேலட்களைப் பரப்பி அதற்கு மேலேதான் மூட்டை. தைத்த வாய் உள்பக்கம் பார்க்க வேண்டும். கதவோரம் இரண்டு அடிக்கு மாவோ அட்டைப்பெட்டியோ கிடையாது, எண்ணெய் டின்னும் ஊறுகாய் பாட்டிலும்தான். கதவைத் திறந்ததும் சாரல் முதலில் அடிப்பது அங்கேதான். பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் போதும் என்று புதிதாக வரும் பையன்கள் நினைப்பார்கள். சுற்றும் தாள் நாலு பக்கத்தைத்தான் மூடும், மேலே திறந்து கிடக்கும். முதலில் ஒரு விரிப்பைத் தலையில் போட்டு, பிறகு அதன் ஓரத்தையும் சேர்த்துச் சுற்ற வேண்டும். ஏற்கெனவே ஈரம் பட்ட பெட்டியைச் சுற்றவே கூடாது. உள்ளே அடைபட்ட ஈரத்தில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும்.

டிரைவர்களுக்கு நான் கொடுத்திருக்கும் உத்தரவு ஒன்றுதான்: சாலையோரக் கல் தண்ணீருக்குள் மறைந்துவிட்டால் அதற்குமேல் போகக் கூடாது. என்னைக் கேட்க வேண்டியதில்லை. டனர்ன் ரோடு அடைபட்டால் எல்லாக் காரும் பிஐஇ விரைவுச்சாலைக்குத்தான் ஓடும், அங்கே போய் நிற்பதற்கு இங்கேயே நிற்கலாம்.

போன டிசம்பரில் அதே அண்ணனோடு ஒருநாள் நானும் போயிருந்தேன். மழை கொட்டியது, சிராங்கூன் ரோட்டை முதலில் முடிப்பதாக முடிவு செய்தோம். அவர் வலது பக்கக் கதவை மட்டும் திறந்து, தள்ளுவண்டியை லாரிக்குள் ஏற்றுவதற்கு முன்னால் இடுப்பில் செருகியிருந்த பழைய துண்டை எடுத்து நாலு சக்கரத்தையும் துடைத்தார். கடைக்கார அம்மா டெலிவரி ஆர்டரில் கையெழுத்துப் போடாமல், குனிந்து அடி மூட்டையின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குழிந்தது. "பேனா இருக்கா தம்பி?" என்றார்.