டேராடூனிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம்

டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமியில் பயிற்சி முடித்து ஆபீசரான மறுநாள், டெல்லிக்குத் திரும்பும் ரயிலில் எழுதிய கடிதம் இது. அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே பதிகிறேன்.

அன்புள்ள அப்பா,

வண்டி இப்போது ராஜாஜி காட்டுக்குள் மெதுவாகப் போகிறது. தண்டவாளத்தில் யானை குறுக்கிடும் என்பதால் இங்கே வேகம் குறைப்பார்களாம். அம்மாவும் மாமாவும் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

நேற்று போனில், "எந்த நிமிஷத்துலப்பா நீ ஆபீசர் ஆன?" என்று கேட்டீர்கள். சுற்றிலும் ஒரே சத்தம், சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அணிவகுப்பும் பரிசளிப்பும் முடிந்த பிறகு வருவதுதான் 'அந்திம் பக்', கடைசி அடி. பேண்டில் பிரியாவிடை மெட்டு எழும்பும். மெது நடையில் அகாடமியின் செட்வுட் கட்டடத்தின் படிகளில் ஏறி உள்ளே போக வேண்டும். பார்க்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் தோளில் துப்பாக்கி, பார்வை நேராக, குனிந்து படியைப் பார்க்கக் கூடாது. மெது நடையில் ஒவ்வொரு அடியும் காற்றில் ஒரு கணம் நின்றுதான் இறங்கும். படியில் அந்தக் கணம்தான் ஆளைத் தடுமாற வைக்கும். ஒத்திகையில் ஒருமுறை என் பூட்ஸ் நுனி படி விளிம்பில் இடித்தது, வரிசையே குலைந்தது. அப்புறம் பயிற்சி தரும் உஸ்தாத் என்னைத் தனியாக ஏற்றி இறக்கி, கால் தானாக உயரத்தை அறியும்வரை விடவில்லை. நேற்று இடிக்கவில்லை அப்பா. எங்களுக்குப் பின்னால், அகாடமியின் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரியான அட்ஜுடன்ட் குதிரையிலேயே படியேறி வந்தார். குளம்புச் சத்தம் மட்டும் முதுகில் கேட்டது.

ஆனால் அந்தப் படியில் நான் ஆபீசர் ஆகவில்லை. தோளில் இரண்டு நட்சத்திரங்கள் காலையிலேயே இருந்தன, துணிப் பட்டை போட்டு மூடியிருந்தார்கள். பிறகுதான் உறுதிமொழி. தரை, கடல், வான் வழியாக எங்கே அனுப்பினாலும் போவேன், உயிருக்கே ஆபத்து என்றாலும் கட்டளைக்குக் கீழ்ப்படிவேன் என்று வரும். ஒத்திகையில் எத்தனையோ முறை கேட்ட வரிதான். நேற்று அதைச் சொன்னபோது அம்மா கூட்டத்தில் எங்கே இருக்கிறார் என்று மனம் தேடியது. என்னைக் கேட்டால் அந்த வரிதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

அப்புறம் குடும்பத்தினரை அழைத்தார்கள். இடது தோள் பட்டையை அம்மா எடுத்தார். விரல் நடுங்கியதால் சற்று நேரமானது. வலது தோள் உங்களுடையது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள்கூட ஆகாத நிலையில் உங்களை எப்படி அவ்வளவு தூரம் கூட்டிவர முடியும்? மாமா முன்னால் வந்தார், ஆனால் கை வைக்கவில்லை. "மச்சான் பேரைச் சொல்லி எடுக்கிறேன்டா" என்று உங்கள் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்.

இரண்டு பட்டைகளையும் அம்மா கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறார். ஊருக்கு வந்ததும் வலது தோளில் அதை மறுபடி மாட்டிக்கொண்டு உங்கள் கட்டில் பக்கத்தில் உட்காருவேன். நீங்கள் எடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன்