இரண்டு ஆஃபர் லெட்டர் கையில்: மண்டபமா, தூத்துக்குடியா?

ரிசல்ட் வந்தாயிற்று, மெடிக்கலும் முடிந்தது. இப்போது இரண்டு ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு எதில் கையெழுத்துப் போடுவது என்று குழம்பிக்கொண்டிருக்கும் நம் ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். விலங்கியல், நுண்ணுயிரியல், உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு மீன் பதப்படுத்தும் ஆலைகளில் கியூசி என்ற தரக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நேராகப் பொருந்தும். அடிக்கடி வேலை மாறுவது எனக்கு ஒத்துவராது. அதனால் இந்தக் குறிப்பு நிலைத்த வேலையின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

ஒரு கணக்கை வைத்தே பேசுவோம். வீடு உச்சிப்புளியில். ஒரு ஆஃபர் மண்டபம் பக்கத்து ஆலை, மாத சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, 22,000. இன்னொன்று தூத்துக்குடியில் பெரிய ஏற்றுமதி ஆலை, மாத சிடிசி 28,000. ஆறாயிரம் ரூபாய் வித்தியாசம் என்றதும் வீட்டில் எல்லோரும் தூத்துக்குடி என்பார்கள். முதலில் அந்த ஆறாயிரத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியின் 28,000-க்குள் நிறுவனம் கட்டும் பிஎஃப் 1,800, கிராஜுவிட்டி 721, மருத்துவக் காப்பீடு 479, வருடக் கடைசியில் 'செயல்பாட்டைப் பொறுத்து' தரும் ஊக்கத்தொகை 2,500 எல்லாம் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 22,500. அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800 போனால் கைக்கு வருவது 20,700. மண்டபத்தின் 22,000-ல் நிறுவனத்தின் பிஎஃப் 1,440, கிராஜுவிட்டி 577, இஎஸ்ஐ 629 கழிந்தால் 19,354. உங்கள் பங்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 146 போகக் கைக்கு 17,768. ஆறாயிரம் இப்போது மூவாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது.

தூத்துக்குடியில் சாப்பாட்டோடு ஹாஸ்டல் 6,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 1,000 என்றால் மிஞ்சுவது 13,700. உச்சிப்புளியிலிருந்து மண்டபத்துக்கு ஒரு வழி 20 கிலோமீட்டர். மாதம் 26 நாள் பைக்கில் போனால் பெட்ரோலுக்கு 2,300 ரூபாய் ஆகும், டயர், ஆயில், சர்வீஸ் சேர்த்து 3,000 வையுங்கள். மிஞ்சுவது 14,768. குறைந்த சம்பளத்து வேலையில்தான் ஆயிரம் ரூபாய் கூட நிற்கிறது. கம்பெனி வேன் இருந்தால் இன்னும் கூடும். ஆனால் ஆயிரம் ரூபாயை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

பிஎஃப் பதிவைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. ஒரு நிறுவனம் ஒழுங்காக நடக்கிறதா, ஆள் கூடுகிறதா குறைகிறதா என்பதை ஹெச்ஆரிடம் கேட்டால் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். ஈபிஎஃப்ஓ இணையதளத்தில் அதை நீங்களே பார்க்கலாம், லாகின் தேவையில்லை. Establishment Search பக்கத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பட்டியலில் உங்கள் நிறுவனத்துக்கு நேரே View Details, அதற்குள் View Payment Details. மாதவாரியாக ஒரு அட்டவணை வரும். அதில் Wage Month, Date of Credit, No. of Employee என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

ஒரு மாதத்துச் சம்பளத்துக்கான பிஎஃப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச் மாதத்துப் பணம் ஏப்ரல் 13, 14 என்று ஏறியிருந்தால் நல்லது. ஒரு மாதம் 15, அடுத்தது 28, அதற்கடுத்தது இன்னும் ஒரு மாதம் தள்ளி என்று வழுக்கிக்கொண்டே போனால் அங்கே கையிருப்புப் பணம் இறுகுகிறது. அடுத்து தாமதமாவது பெரும்பாலும் சம்பளம்தான்.

ஆள் எண்ணிக்கையைப் படிப்பதில் நம் கடற்கரைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகு மீன் வராது, ஆலைகளில் ஆள் குறையும். மார்ச்சில் 60, மே மாதம் 40 என்று பார்த்துவிட்டுப் பயந்து ஓட வேண்டாம். மே மாதத்தைப் போன வருட மே மாதத்தோடு ஒப்பிடுங்கள், அக்டோபரை அக்டோபரோடு. ஒரே மாதம் வருடா வருடம் இறங்கினால் மட்டுமே அது கவலைக்குரிய சரிவு. இறால் ஏற்றுமதி ஆலைகளுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது வரியை 50 விழுக்காடாக ஏற்றியது. அதன் பிறகு வந்த மாதங்களில் எண்ணிக்கை எவ்வளவு விழுந்தது, திரும்ப ஏறியதா என்று பார்த்தால் அந்த ஆலை ஒரே நாட்டை நம்பி நிற்கிறதா என்பது ஓரளவு புரிந்துவிடும்.

இங்கே ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. முந்நூறு பேர் வேலை பார்க்கும் ஆலையில் பிஎஃப் பட்டியல் 45 பேரைக் காட்டலாம். இதை உடனே மோசடி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பீலிங், பேக்கிங் ஆட்கள் கான்ட்ராக்டரின் பிஎஃப் கோடு எண்ணில் இருப்பார்கள், சில நிறுவனங்கள் வேறு ஊர்த் தலைமை அலுவலகத்தின் கோடிலேயே எல்லோரையும் வைத்திருக்கும். உங்களுக்கு வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சார், என் பேர் கம்பெனி கோடில் வருமா, கான்ட்ராக்டர் கோடில் வருமா?" கான்ட்ராக்டர் என்று பதில் வந்தால் ஆஃபர் லெட்டரில் நிறுவனத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்களுக்குச் சம்பளம் தருகிறவர் வேறு ஆள். கான்ட்ராக்ட் மாறும்போது உங்கள் வேலையும் ஆட்டம் காணும்.

நம் கணக்கில் மண்டபத்து ஆலை போன வருட ஜூனில் 62, இந்த வருட ஜூனில் 41, பணம் ஏறிய தேதியும் 15-லிருந்து 28-க்குத் தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி 310-லிருந்து 335, எல்லா மாதமும் 15-க்குள். இந்த நிலையில் மிஞ்சும் ஆயிரம் ரூபாயை விட்டுவிட்டு நான் தூத்துக்குடியைத்தான் சொல்வேன். இரண்டுமே சீராக இருந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

இரண்டு வருடத்தில் என்ன கற்றிருப்பீர்கள்?

ஏற்றுமதி ஆலைகளில் ஏற்றுமதி ஆய்வு முகமையின் அங்கீகாரம் பெற்ற டெக்னாலஜிஸ்ட் இருந்தாக வேண்டும். கியூசி டிரெய்னியாகச் சேர்கிறவருக்கு அந்த அங்கீகாரம்தான் அடுத்த படி. அதோடு வேறு எந்த ஆலைக்கும் போகலாம், அது இல்லாவிட்டால் எத்தனை வருடமானாலும் டிரெய்னி சம்பளத்தைச் சுற்றியே நிற்க நேரும்.

இன்டர்வியூவில் எல்லோரும் "லேப், ஹசாப், டாக்குமென்டேஷன் எல்லாம் கற்றுக்கொள்ளலாம்" என்பார்கள். நடைமுறையில் சிலரை மீன் இறங்கும் மேடையிலும் கவுண்ட் பார்க்கும் மேசையிலுமே வைத்துவிடுவார்கள். இறாலின் கவுண்ட், ஐஸ் அளவு, வெப்பநிலை குறிப்பது ஆறு மாதத்தில் கை வந்துவிடும். அதற்குப் பிறகும் அதே மேசை என்றால் ரெஸ்யூமேயில் புதிதாக எழுத ஒன்றும் இருக்காது. கேட்க வேண்டியது இப்படி: இப்போது அங்கீகாரம் பெற்றவர்கள் எத்தனை பேர்? என் பெயரை எப்போது அனுப்புவீர்கள்? நுண்ணுயிர்ப் பரிசோதனை உள் லேபிலேயே நடக்கிறதா, மாதிரியை வெளியே அனுப்புகிறீர்களா? வெளியே அனுப்பும் ஆலையில் லேப் அனுபவம் கிடைக்காது. சின்ன ஆலையில் ஆள் குறைவு என்பதால் ஒரே வருடத்தில் எல்லா மேசைக்கும் போய்வரும் வாய்ப்பும் உண்டு. இந்த இடத்தில் மண்டபம் முந்தலாம்.

பயணமும் ஷிப்டும்

தூரத்தைவிட நேரம்தான் வாட்டும். ராமேஸ்வரம், மண்டபம் விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் குறிப்பிட்ட நாட்களில் கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். சரக்கு வரும் நாளில் ஷிப்ட் கடிகாரத்தைப் பார்த்து முடியாது. இரவு பதினொரு மணிக்கு மெயின் ரோட்டில் பஸ் கிடைத்தாலும் உள்ளே ஊருக்குப் போக வண்டி இருக்காது. வேன் உண்டா என்பதோடு, நேரம் கழித்து முடிந்தால் வேன் காத்திருக்குமா என்றும் கேளுங்கள். வேலை தீவுப் பக்கம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆடி, தை அமாவாசையில் ராமேஸ்வரம் சாலை நிரம்பிவிடும். காற்று கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

சலுகைகளில் ஒன்றே ஒன்று

மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால்தான் இஎஸ்ஐ. உங்களைச் சார்ந்த, வருமானம் குறைவான பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு, பெரிய சிகிச்சைக்கு மதுரை இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. தூத்துக்குடி ஆஃபரின் 479 ரூபாய்க் காப்பீடு பெரும்பாலும் உங்களுக்கு மட்டுமாகத்தான் இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரையோ இதய நோயோ இருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் சம்பள வித்தியாசத்தை விழுங்கிவிடும். மண்டபத்திலும் உயர்வு வந்து 21,000-ஐத் தாண்டினால், அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் இஎஸ்ஐ நின்றுபோகும். அதற்குப் பதில் என்ன தருவார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

டீமைத் தெரிந்துகொள்ள

ஷிப்ட் முடியும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போங்கள். மேனேஜர் எப்படி என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பீலிங் பகுதி அக்காமார்களிடம் வேலையைப் பற்றிக் கேளுங்கள்:

- "அக்கா, தடைக்காலத்துல வேலை இருக்குமா, சம்பளம் உண்டா?"
- "போன மாசச் சம்பளம் எந்தத் தேதி வந்துச்சு?"
- "லேப்ல இருந்த பிள்ளை எங்க போச்சு?"

மூன்றாவது கேள்விக்கு "வேற கம்பெனிக்கு நல்ல சம்பளத்துக்குப் போச்சு" என்று வந்தால் அங்கே கற்றுக்கொள்ள முடிகிறது. "ரெண்டு மாசத்துக்கு ஒரு பிள்ளை வருது, போகுது" என்று வந்தால் ஆஃபர் லெட்டரை மடித்து வைத்துவிடலாம்.

கையெழுத்துக்கு முன்:

- ஒரிஜினல் சான்றிதழ் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.
- பாண்ட் இருந்தால் எத்தனை மாதம், எவ்வளவு தொகை, அவர்களே நிறுத்தினால் என்ன என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.
- நோட்டீஸ் காலம் இரு பக்கத்துக்கும் ஒன்றா என்று பாருங்கள். நீங்கள் 60 நாள், அவர்கள் 7 நாள் என்றிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.
- தடைக்காலத்தில் முழுச் சம்பளமா என்பதை ஹெச்ஆருக்கு மெயிலில் கேட்டு மெயிலிலேயே பதில் வாங்குங்கள்.

வீட்டு நிலைமையால் பதிவு சரியில்லாத உள்ளூர் ஆலைக்கே போக வேண்டியிருந்தால், சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து உங்கள் பிஎஃப் பாஸ்புக்கை மாதம் தவறாமல் பாருங்கள். தொடர்ந்து இரண்டு மாதப் பணம் ஏறவில்லை என்றால் தூத்துக்குடிக்கு அன்றே மறுபடி விண்ணப்பம் போடுங்கள். இப்போது அந்த ஆஃபரை மறுக்கும்போது போனில் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், காரணத்தைச் சொல்லி மரியாதையாக ஒரு மெயிலும் அனுப்பி வைப்பது அதற்காகத்தான்.