ஏழரை மணி மெசேஜ்

ஊருக்கு வந்த மறுநாள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து பார்த்தால் அம்மாவின் போன் திரையில் என் பெயரில் ஒரு மெசேஜ்: "ஷிஃப்ட் முடிஞ்சுதும்மா. ரூமுக்கு வந்துட்டேன். தூங்கப் போறேன்." அனுப்பிய ஆள் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வெளிநாட்டில் ஒரு டேட்டா சென்டரில் நான்கு வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். கெட்டுப்போன டிஸ்க்கை மாற்றுவது, கேபிள் இழுப்பது, அலாரம் அடித்தால் ஓடுவது, இதுதான் வேலை. பன்னிரண்டு மணி நேரம். உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலையில் வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகிவிடும். "வந்துட்டேன்" என்று அம்மாவுக்கு ஒரு வரி போட மறந்து தூங்கிய ஒரு நாளில், மதியத்துக்குள் பதினேழு மிஸ்டு கால். அன்றைக்குத்தான் இதை மெஷினிடம் விட்டுவிடலாம் என்று தோன்றியது.

டெலிகிராமில் எனக்குப் பதிலாக மெசேஜ் அனுப்பும் ஒரு பாட் உருவாக்கினேன். பாட் தானாகப் போய் யாரிடமும் முதலில் பேச முடியாது, எதிராளி ஒருமுறை ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனை விட்டு அம்மா போனில் அதை அழுத்த வைத்தேன். பாட்டுக்கு என் பெயர், என் போட்டோ. ஒரு ஃபைலில் ஆறு வாக்கியங்கள் எழுதி வைத்தேன். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதில் ஒன்றைக் குலுக்கி எடுத்து அனுப்பும். எனக்கு அக்கவுண்ட் இருந்த ஒரு கண்காணிப்பு சர்வரில் அதைத் தினமும் ஏழரைக்கு ஓடுமாறு போட்டேன். கம்பெனி மெஷினில் சொந்த வேலை, தப்புதான். கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள் என்பதால் கேட்கவில்லை.

ஒரு வருஷம் பிரச்சினை இல்லை. அப்புறம் ஒருநாள் போனில் பேசும்போது அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, உங்க ஊர் பஸ் ஒருநாள்கூட லேட்டாகாதா?" எனக்குச் சுருக்கென்றது. நிமிஷம் பிசகாமல் வருகிற மெசேஜ் மனுஷன் அனுப்பியது மாதிரியா இருக்கும்? நேரத்தைக் கொஞ்சம் கலைத்துவிடலாம் என்று இருபது நிமிஷத்துக்குள் ஏதோ ஓர் அளவு காத்திருந்து அனுப்புமாறு மாற்றினேன்.

```
30 7 * * * sleep $((RANDOM % 1200)); /home/nshift/amma.sh
```

மெஷின் வேலை தெரிந்தவர்கள் இதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்வார்கள். எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று எழுதி வைக்கிற பட்டியலான க்ரான்டேபில் `%` என்ற குறிக்கு வேறு அர்த்தம்: கட்டளை அங்கேயே முடிந்தது, மீதி உள்ளீடு என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் `\` போட்டிருக்க வேண்டும், அல்லது அந்தக் காத்திருப்பை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். என் கட்டளை பாதியில் வெட்டுப்பட்டு, பிழைச் செய்தி யாரும் திறந்தே பார்க்காத ஓர் உள் மெயில்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. கையால் ஓட்டிப் பார்த்தபோது வேலை செய்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு நாள் மெசேஜ் போகவில்லை. அந்த இரண்டு நாளும் அம்மா தூங்கவில்லை. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, நன்றாகத்தான் இருந்தேன்.

இதற்கு நேர் எதிரானது அடுத்த வருஷம் நடந்தது. காய்ச்சல் வந்து ஐந்து நாள் எழுந்திருக்க முடியாமல் ரூமில் கிடந்தேன். ஐந்து நாளும் தவறாமல் "ஷிஃப்ட் முடிஞ்சுது, நல்லா இருக்கேன்" போயிருக்கிறது. எங்கள் வேலையிலேயே இதற்குப் பாடம் உண்டு. ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய, அதுவேதான் குறித்த இடைவெளியில் சத்தம் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் பக்கத்து மெஷின் "அவன் நல்லாத்தான் இருக்கான்" என்று சொன்னால் கணக்கில்லை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், என் விஷயத்தில் பக்கத்து மெஷினைத்தான் பேச விட்டிருந்தேன். நான் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால்தான் மெசேஜ் போகும் என்று வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பட்டனை அழுத்த முடியாத சோம்பலில்தானே இதையே தொடங்கினேன்.

சரி, ஊருக்கு வந்த கதைக்கு வருகிறேன். முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது வாரம் உறுத்த ஆரம்பித்தது. நான் வேலையை விட்ட கம்பெனியின் மெஷினில் என் ஸ்கிரிப்ட் இன்னும் ஓடுகிறது என்றால் அது வேடிக்கை இல்லை. பாட்டை இயக்குகிற சாவியான டோக்கனை ரத்து செய்தால் மெசேஜ் நின்றுவிடும், அதை இங்கிருந்தே என் போனில் செய்யலாம். ஆனாலும் ஸ்கிரிப்ட் அங்கே ஓடிக்கொண்டேதான் இருக்கும். கூட வேலை பார்த்த அண்ணனைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"நீ கிளம்பின அன்னைக்கே உன் அக்கவுண்டை லாக் பண்ணிட்டேனே தம்பி" என்றார்.

"எதை வச்சு பண்ணீங்கண்ணே?"

"`passwd -l` தான்."

அங்கேதான் விஷயம். அந்தக் கட்டளை கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டும். அக்கவுண்ட் காலாவதி ஆகாது, ஏற்கெனவே போட்டு வைத்த க்ரான் வேலைகள் வழக்கம்போல ஓடும். ஆள் போய்விட்டான் என்று மெஷினுக்குத் தெரிய, `usermod --expiredate 1` என்று அக்கவுண்டையே காலாவதி ஆக்க வேண்டும். க்ரான்டேபையும் தனியாக அழித்துவிடுவது நல்லது. அண்ணன் என்னுடையதை அழித்தார். கையோடு மற்ற அக்கவுண்டுகளையும் பார்த்தாராம். போன வருஷமே போய்விட்ட ஒருவர் போட்ட வேலை ஒன்று, இல்லாத ஒரு ஃபோல்டரைத் தினமும் தேடிக்கொண்டிருந்ததாம். அதையும் எடுத்துவிட்டு, "உங்களை எல்லாம் வச்சுக்கிட்டு..." என்று பாதியில் நிறுத்தினார்.

மறுநாள் மெசேஜ் வரவில்லை. உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பார்க்க, அம்மாவின் போனை வாங்கி அந்த உரையாடலை முதல் தடவையாகத் திறந்தேன். என் ஒவ்வொரு மெசேஜுக்குக் கீழேயும் ஒரு குரல் பதிவு இருந்தது. நான்கு வருஷத்துக்கு.

பாட்டுக்கு வரும் பதிலை யாராவது போய் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் டெலிகிராம் அதை இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் அதற்காக வைத்திருக்காது. என் ஸ்கிரிப்டுக்கு அனுப்ப மட்டும்தான் தெரியும், எடுக்கிற பாகத்தை நான் எழுதவே இல்லை. போனில் பேசும்போது அம்மா அடிக்கடி, "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்பார். வயசாகிறது, சொன்னதையும் சொல்லாததையும் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் கொல்லைப்பக்கம் போயிருந்தபோது சிலவற்றைக் கேட்டேன். பெரும்பாலும் ஆறேழு நொடிதான். "சரிப்பா, தூங்கு." "அக்கா வந்திருக்கா." காய்ச்சலில் கிடந்த நாட்களில் ஒன்று: "நேத்து போன்ல குரல் சரியில்லையே, டாக்டர்ட்ட போனியா?" கடைசியாக, வந்த மறுநாள் "ரூமுக்கு வந்துட்டேன்" என்று போன மெசேஜுக்கு என்ன சொல்லியிருக்கிறார் என்று தேடினேன். ரகசியம் பேசுகிற குரலில் இருந்தது:

"இங்கதாம்ப்பா தூங்குறே. எழுப்பல."