"மொத்தமும் போச்சு" என்ற தலைப்பைத் திருத்துவது

இணையச் செய்தி டெஸ்க்கில் அடிக்கடி வந்து விழும் தலைப்பு ஒன்று: "பிஎஃப் பணம் எடுக்கப் போறீங்களா? இந்த ஒரு தவறைச் செய்தால் மொத்தமும் போச்சு!" உள்ளே இருக்கும் செய்தி நல்ல செய்திதான், பலருக்குப் பயன்படும். ஆனால் படித்து முடித்தவருக்கு ஏமாந்த எண்ணம்தான் மிஞ்சும்.

இதைத் திருத்த உட்கார்ந்தால் முதலில் தலைப்பைத் தொடக் கூடாது. கட்டுரையைக் கடைசி வரை படித்து, படித்தவருக்குப் புதிதாக என்ன தெரியவரும் என்று ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே அது இப்படி வரும்: ஐந்து ஆண்டு சர்வீஸ் முடியும் முன் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் பிஎஃப் எடுத்தால், பான் எண் கொடுத்திருப்பவருக்கு 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், பழைய கம்பெனி பிஎஃப் புதிய கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால், அங்கே வேலை பார்த்த காலமும் அந்த ஐந்து ஆண்டில் சேரும்.

இந்த வாக்கியத்தைத் தலைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். "மொத்தமும்" பொய், பிடிப்பது பத்தில் ஒரு பங்கு, அதுவும் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கட்டிய வரியாகக் கணக்கில் வரும். "தவறு" என்பதும் பொய். அவசரத்துக்குத் தன் பணத்தை எடுப்பவர் தவறு எதுவும் செய்யவில்லை. "இந்த ஒரு" என்பது பொய் இல்லை, ஆனால் அதற்குள் விஷயமே ஒளிந்திருக்கிறது. சுட்டுச்சொல் இருக்கும் இடத்தில் அது சுட்டும் பொருளையே எழுதிப் பார்ப்பது, தலைப்புத் திருத்தத்தில் அதிகம் பலன் தரும் வேலை.

அப்படி எழுதினால் "ஐந்து ஆண்டு முடியும் முன் பிஎஃப் எடுத்தால் 10% டிடிஎஸ்" என்று வரும். நேர்மையானது, ஆனால் ஆர்வம் செத்துவிட்டது. பலர் இங்கேயே நின்று, "உண்மையைச் சொன்னால் யாரும் கிளிக் பண்ண மாட்டார்கள்" என்று பழைய தலைப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து, இன்னும் தெரியாத இடைவெளி கண்ணில் படும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்று பொருளியலாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-இல் எழுதினார். ஆகவே விதியைச் சொல்லிவிட்டு, அந்த விதியைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார் என்று பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனி மாறியவர் உடனே கேட்பது: "என் பழைய சர்வீஸ்?" தலைப்பு அங்கேயே இருக்கிறது.

"5 ஆண்டு முடியும் முன் பிஎஃப் எடுத்தால் வரிப் பிடித்தம்: பழைய கம்பெனி சர்வீஸ் சேருமா?"

இதில் விஷயம் முழுக்க வெளியே இருக்கிறது, விடை மட்டும் உள்ளே. வேலை மாறாதவர் கடந்து போய்விடுவார், போகட்டும். கேள்வித் தலைப்புக்கு ஒரு சோதனை உண்டு: விடை வெறும் "இல்லை" என்றால் அந்தக் கேள்வியைப் போடக் கூடாது. இங்கே விடை "கணக்கை மாற்றியிருந்தால் சேரும்" என்பது. படிக்க ஒரு காரணம் இருக்கிறது. அந்த விடை முதல் இரண்டு பத்திக்குள் வந்துவிட வேண்டும். "பிஎஃப் என்றால் என்ன" என்று தொடங்கி, விளம்பரங்களைத் தாண்டி எட்டாவது பத்தியில் விடை சொன்னால், தலைப்பைத் திருத்தியும் பயனில்லை. கமென்டில் யாராவது விடையை ஒரே வரியில் எழுதி, அதற்கு மற்றவர்கள் நன்றி சொல்லியிருந்தால், விடையைப் புதைத்திருக்கிறோம் என்று அறியலாம்.

ஆர்வத்தை வைக்கவே கூடாத செய்திகளும் இருக்கின்றன. மழைக்காலத்தில் "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை!" என்று போட்டு மாவட்டத்தின் பெயரை உள்ளே ஒளிப்பது அதில் மோசமானது. அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய அம்மா அப்பாவை வைத்து கிளிக் சேர்ப்பது அது. மாவட்டமும் எந்த வகுப்பு வரை என்பதும் தலைப்பிலேயே வர வேண்டும். கிளிக் குறையும், குறைந்தால் குறையட்டும்.

தலைப்பை மாற்றியபின் பலர் மறக்கும் வேலை ஒன்று பாக்கி. வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் பகிரும்போது தெரியும் தலைப்பு `og:title` என்ற குறிச்சொல்லிலிருந்து வருகிறது; பல தளங்களில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு. அங்கே பழைய வரி இருந்தால், பக்கத்தில் திருத்திய பிறகும் வெளியே "மொத்தமும் போச்சு" என்றே சுற்றிக்கொண்டிருக்கும். அதை மாற்றிவிட்டு, ஃபேஸ்புக்கின் Sharing Debugger-இல் இணைப்பைப் போட்டு Scrape Again அழுத்த வேண்டும். படத்தின் மேல் எழுதிய வாசகத்தைப் புதிதாகச் செய்துதான் ஏற்ற வேண்டும். நோட்டிஃபிகேஷன் போன உடனே பலர் கண்ணில் பட்டுவிடும் என்பதால், அதன் வரியை அனுப்பும் முன்பே இன்னொருவர் பார்த்துவிடுவது நல்லது.