வருவேன்னு சொன்னவர் 41, போட்ட இலை 59

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் 1996இல் பிளஸ் டூ முடித்த எங்கள் ஏ பிரிவில் 52 பேர். ஓணத்துக்கு நம்ம மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை கிடைக்கும், கல்ஃபில் இருப்பவர்களில் சிலரும் அந்தச் சமயம் ஊரில் இருப்பார்கள் என்று அதையொட்டிச் சந்திப்பை வைத்தோம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால், 75 நாள் முன்பே தேதியைச் சொல்லிவிட்டோம். ஆள் கணக்கும் வசூலும் என் பொறுப்பு.

குழுவில் 41 பேர் "வருவேன் மக்கா" என்றார்கள். அதை நம்பிச் சமையல்காரரிடம் பேசியிருந்தால் சாப்பாடு மிஞ்சிப் போயிருக்கும். ஆகவே பணம் வந்தால்தான் வருகை என்று வைத்தோம்: ஆளுக்கு 1,000, கூட வரும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் 300.

முதல் வாரத்திலேயே ஒரு குழப்பம். தெரியாத பெண் பெயரில் 1,000 ரூபாய் வந்து கிடந்தது. ஐந்து நாள் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, தமாமில் இருக்கும் நண்பனுக்காக அவன் மனைவி நாகர்கோவிலிலிருந்து அனுப்பியது. அதன்பின் எல்லோரிடமும் பழைய வருகைப் பதிவேட்டு எண்ணைத் தொகையோடு சேர்த்து அனுப்பச் சொன்னேன். 17ஆம் எண் தனியாக வந்தால் 1,017. இரண்டு பேரைக் கூட்டி வந்தால் 1,617. யார் கணக்கிலிருந்து வந்தாலும் கடைசி இரண்டு இலக்கம் ஆளைக் காட்டிவிடும்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் வராமல் போய்விடக் கூடாது என்பது எனக்குப் பெரிய கவலை. "உன் எண்ணை மட்டும் ரூபாயா அனுப்பு, வருகைன்னு எடுத்துக்கிடுதேன்" என்று சிலரிடம் தனித்தனியாகப் போனில் சொன்னேன். மூன்று பேர் அப்படி அனுப்பினார்கள். கணக்கை நான் மட்டுமே பார்த்தேன். குழுவில் பெயரைப் போட்டேனே தவிர தொகையைப் போடவில்லை.

வடசேரிச் சந்தையில் காய் எடுக்க மூன்று நாள் முன்பே சமையல்காரர் "எத்தன எல?" என்று கேட்டுவிட்டார். முழுத் தொகை தந்தவர்கள் 27, எண் மட்டும் அனுப்பியவர்கள் 3, குடும்பத்தார் 22, ஆசிரியர்கள் 4. மொத்தம் 56. அறுபது இலை சொன்னேன். இரண்டு பேர் வரவில்லை. பணமும் கட்டாமல், சொல்லவும் செய்யாமல் ஒருவன் குடும்பத்தோடு ஐந்து பேராக வந்து நின்றான். எல்லோருக்கும் இலை இருந்தது.

சந்திப்பு மலருக்கு நினைவுகள் சேர்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "எழுதுங்க" என்றால் "மறக்க முடியாத நாட்கள்" என்று ஒரு வரிதான் வந்தது. கேள்வியை மாற்றினேன்: மழை நாளில் பள்ளிக்கு எப்படி வந்தாய்? இரண்டே நாளில் 19 குரல் பதிவுகள். குலசேகரம் பக்கத்திலிருந்து வந்தவன், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். தினமும் விடியுமுன் அப்பாவோடு ரப்பர் வெட்டப் போய்விட்டுத்தான் பஸ் ஏறுவானாம். கையில் பால் வாடை அடிக்கும் என்றுதான் கடைசி பெஞ்சில் இருந்திருக்கிறான். இரண்டு வருஷமும் எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. "மழை பெஞ்சா வெட்டு கிடையாது. அன்னைக்கு மட்டும் நான் நேரமே வந்து உங்க கூட முன்னால இருப்பேன்" என்றான்.