ஓட்டைப் படகும் கிரெடிட் கார்டும்

கிரெடிட் கார்டில் மினிமம் தொகை மட்டும் கட்டினால் கடன் ஏன் குறைய மாட்டேன் என்கிறது? இதைச் சில ஸ்லைடுகளில் சொல்ல ஓர் ஓட்டைப் படகை வரைந்தேன். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் 10,000 ரூபாய் கடன். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால், ஓட்டை வழியே 350 உள்ளே வருகிறது. படகிலிருப்பவர் மினிமம் தொகையான 500ஐ மொண்டு வெளியே ஊற்றுகிறார். குறைவது 150தான். (வட்டிக்கு ஜிஎஸ்டி வேறு!)

எல்லா ஸ்லைடிலும் படகு ஒரே இடம், ஒரே அளவு. மாறுவது தண்ணீர் மட்டம் மட்டும். அப்போதுதான் ஸ்லைடைத் தள்ளும்போது அது கண்ணில் படும். தண்ணீர் என்றால் கடைசிவரை கடன்தான், நடுவில் அதையே சேமிப்பாகக் காட்டினால் போச்சு. பாக்கி இருக்கையில் புதுச் செலவுக்கும் உடனே வட்டி ஓடும் என்பதற்கு இரண்டாவது ஓட்டை போட்டேன். சிபில் ஸ்கோர் மட்டும் படகுக்குள் அடங்கவில்லை. சரி என்று அதை வெறும் எழுத்தாகவே விட்டுவிட்டேன்.